6 ரூபா பங்கிலாபம் தருதாம், தேதிக்கு முந்தி வாங்கவா? எஃப்.டி முடியுது

வாணி (களுவாஞ்சிகுடி)

எல்லாருக்கும் வணக்கம். நான் வீட்டில தையல் வேலை செய்யிறன். 5 லட்சம் ரூபா எஃப்.டி ஒண்டு இந்த மாதக் கடைசியில முடியுது. திரும்பப் போட்டா வருசத்துக்கு 8 வீதம் தருவினமாம். கனடாவில இருக்கிற மச்சான் தமிழ்நாட்டு வீடியோக்களா அனுப்பி, அதைப் பார்த்துப் படி எண்டு சொல்றார். மூண்டு நாலு பார்த்திட்டன். மியூச்சுவல் ஃபண்ட், போர்ட்ஃபோலியோ, புல் மார்க்கெட் எண்டு போகுது. ஒரு வீடியோவில 300 வீதம் டிவிடெண்ட் எண்டு சொல்லுறாங்க. 100 ரூபா போட்டா 300 ரூபா தருவாங்களா?

இதுக்கிடையில எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வந்து, ஒரு கம்பனிப் பங்கு 80 ரூபாக்குப் போகுது, பங்குக்கு 6 ரூபா பங்கிலாபம் அறிவிச்சிருக்கு, அதுக்கெண்டு ஒரு தேதி இருக்கு, அதுக்கு முதல்நாள் வாங்கி, காசு கிடைச்ச உடன வித்திடுங்க, ஒரு கிழமையில 7 வீதத்துக்கு மேல எண்டு சொல்லிட்டுப் போயிருக்கிறார். எஃப்.டியில ஒரு வருசம் கிடந்து வாறது ஒரு கிழமையில வருமெண்டா ஏன் எல்லாரும் செய்யல்ல? அதுதான் விளங்கயில்ல.

கணக்குவாத்தியார்

மகள், நான் 27 வருசம் வர்த்தகம் படிப்பிச்ச ஆள். பங்கிலாபம், அதாவது டிவிடெண்ட் எண்டுறது கம்பனி உங்களுக்குத் தாற வட்டி மாதிரித்தான். கம்பனி லாபம் உழைக்குது, பங்குக்காரருக்குப் பிரிச்சுக் குடுக்குது. 80 ரூபா பங்குக்கு 6 ரூபா எண்டா 7.5 வீதம். அதில 15 வீதம் வரி கழிச்சிட்டுத்தான் தருவாங்க. கணக்குப் பார்த்தா எஃப்.டிக்குக் கிட்டத்தட்ட சமன். அதோட பங்கு விலையும் ஏறலாம். நல்ல கம்பனி எண்டா பயப்படத் தேவையில்ல.

செங்கலடிப் பொடியன்

சேர், மன்னிக்கணும். நான் இதைச் செய்து பார்த்த ஆள். கம்பனி பேர் வேணாம். விலையும் பங்கிலாபமும் வாணி அக்கா சொன்ன அதே 80, 6. நான் 2,000 பங்கு வாங்கினன்.

பங்குக்கு 1,60,000. புரோக்கர் கூலி, பங்குச் சந்தைக் கட்டணம், அரசாங்க வரி எல்லாம் சேர்ந்து 1.12 வீதம், அது 1,792 ரூபா. மொத்தம் 1,61,792 போட்டன்.

அடுத்தநாள் காலையில சந்தை திறக்கேக்க விலை 74. என்ன நடந்தது எண்டு எனக்குத் தலை விறைச்சிட்டு. கெட்ட செய்தி ஒண்டும் இல்ல. பங்கிலாபம் 12,000 வரவேண்டியது, வரி 1,800 போக 10,200 பிறகு வங்கிக்கு வந்தது. விலை ஏறும் எண்டு ரெண்டு கிழமை பார்த்தன், 74லயே ஆடிக்கொண்டு நிண்டது. வித்திட்டன். 1,48,000. அதிலயும் 1.12 வீதம் போக 1,46,342. பங்கிலாபத்தையும் சேர்த்தா 1,56,542.

5,250 ரூபா நட்டம். ஒரு கிழமையில 7 வீதம் எண்டு எனக்கும் அப்பிடித்தான் சொன்னாங்க.

வாணி (களுவாஞ்சிகுடி)

கம்பனி லாபம் தானே தந்தது? நல்ல விசயம் நடந்ததுக்கு ஏன் விலை இறங்கோணும்?

தேற்றாத்தீவான்

கொழும்பில ஒரு தரகு நிறுவனத்தில 14 வருசம் வேலை செய்திட்டு இப்ப ஊரோட இருக்கிறன். நேர்ல வந்த ஆக்கள் கன பேர் இதே கேள்வியைக் கேட்டிருக்கினம், அதால கொஞ்சம் நீட்டிச் சொல்லுறன்.

ஊரில ஒரு நெல்லு மில் இருக்கெண்டு வைங்க. மூண்டு பேர் சமமாச் சேர்ந்து நடத்துறாங்க. கட்டிடம், இயந்திரம், வியாபாரம் எல்லாம் சேர்த்து 57 லட்சம் பெறும். மேசை லாச்சிக்குள்ள 3 லட்சம் காசு இருக்கு. ஆகமொத்தம் 60 லட்சம். ஒருத்தர் தன்ர பங்கை விற்கப்போறார் எண்டா 20 லட்சம் கேட்பார், அது நியாயம். இண்டைக்குப் பின்னேரம் மூண்டு பேரும் லாச்சிக் காசை ஆளுக்கு ஒரு லட்சமாப் பிரிச்சு எடுக்கிறாங்க. நாளைக்குக் காலையில வந்து அதே பங்கை வாங்கிற ஆள் 20 லட்சம் குடுப்பாரா? லாச்சி வெறும். 19 தான் குடுப்பார். மில்லுக்கு ஒரு கெடுதலும் நடக்கல்ல. காசு ஒரு இடத்தில இருந்து மற்ற இடத்துக்குப் போயிருக்கு, அவ்வளவுதான்.

பங்குச் சந்தையில அந்த "நாளைக்குக் காலை"க்கு எக்ஸ் டிவிடெண்ட் தேதி எண்டு பேர். புரோக்கர்மார் சுருக்கி எக்ஸ்-டி எண்டு சொல்லுவாங்க. அண்டையில இருந்து வாங்கிற ஆளுக்கு அந்தப் பங்கிலாபம் இல்ல, அது அவருக்குத் தெரியும், அதால அந்த அளவுக்குக் குறைச்சுத்தான் கேட்பார். தம்பி முந்தினநாள் குடுத்த 80 ரூபாக்குள்ள 6 ரூபா அவற்ற சொந்தக் காசு. அந்த 6 ரூபா சுத்திப்போய், வரியும் கழிஞ்சு, 5.10 ஆத் திரும்பி வந்திருக்கு. வாங்கவும் விற்கவும் கட்டணம் தனி.

எல்லா நாளும் சரியா 6 ரூபாதான் இறங்கும் எண்டில்ல. அண்டைக்கு முழுச் சந்தையும் ஏறினா 4 ரூபா இறங்கும், சந்தை விழுந்தா 9 ரூபா இறங்கும். ஆனா எதிர்பார்க்க வேண்டியது 6.

சேர் சொன்ன "வட்டி மாதிரி" எண்டதிலதான் பிழை ஆரம்பிக்குது. எஃப்.டியில வட்டி எடுத்தாலும் முதலாப் போட்ட 5 லட்சம் அப்பிடியே நிக்கும். பங்கிலாபம் எடுத்தா நீங்க போட்ட முதலில இருந்துதான் கழியும். அதுக்குப் பிறகு கம்பனி வருசம் முழுக்க உழைச்சு லாச்சியைத் திரும்ப நிரப்பினாத்தான் உங்களுக்கு லாபம். அதுக்கு நீங்க காத்திருக்கோணும், ஒரு கிழமை காணாது.

கணக்குவாத்தியார்

விலை இறங்கிறதை நான் விட்டுட்டன், ஒத்துக்கொள்ளுறன். ஆனா ஒழுங்காப் பங்கிலாபம் தாற கம்பனியை வாங்கி வருசக்கணக்கா வச்சிருக்கிற ஆளுக்கு எஃப்.டியும் அதுவும் ஒண்டுதானே?

தேற்றாத்தீவான்

வச்சிருக்கிற ஆளுக்கு எஃப்.டியை விடக் கூடவும் வரலாம் சேர், அது உண்மை. ஆனா ரெண்டு வித்தியாசம் இருக்கு.

வட்டி வங்கியோட ஒப்பந்தம், தந்தே ஆகோணும். பங்கிலாபம் பணிப்பாளர் சபை தீர்மானிச்சாத்தான் வரும். 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டப்படி, காசைப் பிரிச்ச பிறகும் கம்பனியால கடனை எல்லாம் கட்ட ஏலும் எண்டு பணிப்பாளர்மார் திருப்திப்படோணும். இல்லாட்டிக் குடுக்க ஏலாது. போன வருசம் 6 தந்தது இந்த வருசம் சுழியமாகலாம், நீங்க போய்க் கேட்க ஏலாது.

அடுத்தது வரி. வட்டியில இப்ப 10 வீதம் பிடிப்பாங்க. ஆனா வாணியைப் போல வருச வருமானம் 18 லட்சத்துக்கு மேல போகாத ஆக்கள் வங்கியில ஒரு பிரகடனப் படிவம் குடுத்தா அந்த 10 வீதம் பிடிக்க மாட்டாங்க. 8 வீதம் முழுசாக் கையில வரும். பங்கிலாபத்தில பிடிக்கிற 15 வீதம் இறுதி வரி, வருமானம் குறைஞ்ச ஆளுக்கும் திரும்பி வராது. 7.5 வீதம் 6.4 ஆகிப்போகும். "சமன்" எண்டு சொல்லுற கணக்கில இந்த இடத்தைத்தான் எல்லாரும் விடுறது.

படுவான்கரை விவசாயி

பங்கு பற்றிக் கதைக்கிறீங்க. போடியார் எங்களுக்குத் தாற பங்கு இந்தப் பெரும்போகத்தில சரியாக் குறைஞ்சிட்டு. விதைநெல்லு, உரம், மருந்து எல்லாத்தையும் கழிச்சிட்டுத்தான் பிரிக்கிறார். இதுக்கு எங்க முறையிடுறது?

செங்கலடிப் பொடியன்

அண்ண, இது கம்பனிப் பங்கு. வயல் பங்கு இல்ல.

தேற்றாத்தீவான்

முறைப்பாட்டுக்குக் கமநல சேவை நிலையத்தில கேளுங்க அண்ண. ஆனா நீங்க சொன்னது இந்தக் கதைக்கும் பொருந்துது. அடுத்த போகத்துக்கு விதைநெல்லு எடுத்து வச்சிட்டுப் பிரிக்கிற மாதிரித்தான் கம்பனியும். லாபம் முழுக்கப் பங்கிலாபமா வாறதில்ல, ஒரு பகுதியைத் தொழிலுக்கெண்டு வச்சிருக்கும். விதைநெல்லையும் சேர்த்துப் பிரிச்சா அந்த வருசம் பங்கு பெரிசாத் தெரியும். அதனால பெரிய பங்கிலாபத்தைக் கண்ட உடன நான் முதல்ல பார்க்கிறது, அந்த வருச லாபம் ஒரு பங்குக்கு எவ்வளவு எண்டு. 10 ரூபா உழைச்சு 6 ரூபா குடுத்தா ஒரு கதை. 4 ரூபா உழைச்சு 6 ரூபா குடுத்தா, காணி ஒண்டை வித்துக் குடுத்திருக்கலாம், பழைய சேமிப்பில இருந்து எடுத்திருக்கலாம். அடுத்த வருசமும் வரும் எண்டு நம்ப ஏலாது.

வாணி (களுவாஞ்சிகுடி)

இப்ப விளங்குது. அப்ப அந்த 300 வீதம்?

தேற்றாத்தீவான்

அது இந்தியக் கணக்கு. அங்க ஒவ்வொரு பங்குக்கும் முகமதிப்பு எண்டு ஒரு விலை எழுதியிருக்கும், 1 ரூபா, 2 ரூபா, 10 ரூபா எண்டு. டிவிடெண்ட் வீதத்தை அந்த முகமதிப்பிலதான் சொல்லுவாங்க. முகமதிப்பு 1 ரூபா எண்டா 300 வீதம் வெறும் 3 ரூபா. அந்தப் பங்கு சந்தையில 600 ரூபாக்குப் போகுதெண்டா நீங்க போட்ட காசுக்கு அரை வீதம். எங்கட நாட்டில நான் மேல சொன்ன அதே 2007 சட்டத்தோட முகமதிப்பு இல்லாமப் போச்சு, அதால இங்க பங்குக்கு இத்தனை ரூபா எண்டுதான் அறிவிப்பாங்க.

தமிழ்நாட்டு வீடியோ பார்க்கிறது பிழையில்ல, நல்லா விளங்கப்படுத்துறாங்க. ஆனா பங்கு வச்சிருக்கிற கணக்கை அங்க டீமேட் கணக்கு எண்டு சொல்லுறாங்க, இங்க அது சி.டி.எஸ் கணக்கு. சந்தையின்ர ஏற்ற இறக்கத்தைக் காட்டுற சுட்டெண் அங்க நிஃப்டி, இங்க ஏ.எஸ்.பி.ஐ. மியூச்சுவல் ஃபண்ட் எண்டு இங்க போய்க் கேட்டாச் சில இடத்தில முழிப்பாங்க, இங்க அதுக்குப் பேர் யூனிட் ட்ரஸ்ட்.

மருதமுனை நெசவு

தங்கச்சி, நான் யூனிட் ட்ரஸ்டில போட்டிரிக்கேன், அதச் சொல்றேன். நம்மளப் போல ஆக்கள் கன பேருட காச ஒண்டாச் சேர்த்து ஒரு முகாமைக் கம்பனி பங்கு, அரசாங்கம் குறுங்காலக் கடனுக்கு விக்கிற திறைசேரி உண்டியல் எல்லாம் வாங்கும். நமக்கு அதுல யூனிட் தருவாங்க. நான் 50,000 போட்டப்ப யூனிட் 25 ரூபா, 2,000 யூனிட் கிடைச்சிச்சு. இப்ப 27 ரூபா, அப்ப 54,000. ஒரு தடவ கூட்டாளி ஒருத்தன் வேற ஒரு ஃபண்டுல யூனிட் 11 ரூபாதான், மலிவா இரிக்கி, அதுக்கு மாறு எண்டான். கூட யூனிட் கிடைக்குமே எண்டு மாறப் பார்த்தேன், பிறகு மாறாம விட்டுட்டேன்.

நான் போட்டது ஷரீஆ ஃபண்ட். வட்டித் தொழில், சாராயம், சூது இல்லாத கம்பனிப் பங்கா எடுப்பாங்க. ஆனா அந்தக் கம்பனிட காசு வங்கில கிடந்து கொஞ்சம் வட்டி வந்தா, அந்தளவக் கணக்குப் பண்ணி ஏழைகளுக்கு ஸதகாவாக் குடுக்கணும் எண்டு சிலர் சொல்றாங்க. ஃபண்டே கழிச்சிட்டா, நாமளும் குடுக்கணுமா? ரெண்டு மௌலவிட்டக் கேட்டேன், ரெண்டு பதில்.

தேற்றாத்தீவான்

ஸதகா விசயத்தில நான் வாய் வைக்க மாட்டன் காக்கா. உங்கட ஃபண்டின்ர ஷரீஆ சபை வருசா வருசம் அறிக்கை எழுதும், எவ்வளவு கழிச்சது எண்டு அதில இருக்கோணும், அதைக் கொண்டுபோய் மௌலவியிட்டக் காட்டிக் கேளுங்க.

மாறாம விட்டது நல்லது. 11 ரூபா யூனிட் மலிவு இல்ல. ஃபண்டிட்ட இருக்கிற சொத்துப் பெறுமதியைச் செலவு கழிச்சு யூனிட் எண்ணிக்கையால பிரிச்சா வாறதுதான் யூனிட் விலை. ஒரு கேக்கை 8 துண்டா வெட்டினாலும் 20 துண்டா வெட்டினாலும் கேக் அதே அளவுதான். 50,000 ரூபாக்கு 11 ரூபாப்படி வாங்கினாலும் 27 ரூபாப்படி வாங்கினாலும் உங்களிட்ட இருக்கிறது 50,000 ரூபாச் சொத்து.

யூனிட் ட்ரஸ்டும் பங்கிலாபம் பிரிக்கும். அங்கயும் அதே லாச்சிக் கதைதான், பிரிச்ச அளவுக்கு யூனிட் விலை இறங்கும். இந்தியாவில இதைச் சனம் மேலதிக வருமானம் எண்டு நம்பி ஏமாந்ததால, அங்க சந்தையை ஒழுங்குபடுத்துற செபி 2021 ஏப்ரலில இருந்து மியூச்சுவல் ஃபண்டில அந்தத் திட்டத்துக்கு "டிவிடெண்ட்" எண்ட பேரையே மாத்திப்போட்டுது. புதுப் பேரில "மூலதனத்தைத் திரும்ப எடுக்கிறது" எண்ட கருத்தும் சேர்ந்திருக்கு.

வாணி, யூனிட் ட்ரஸ்டில காசு முகாமைக் கம்பனியின்ர கையில இருக்காது, சொத்தை நம்பிக்கைப் பொறுப்பாளரா இருக்கிற ஒரு வங்கி தனியா வச்சிருக்கும். பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழு ரெண்டையும் மேற்பார்வை செய்யும். அது களவுக்குப் பாதுகாப்பு. விலை இறங்கிறதுக்குப் பாதுகாப்பு இல்ல. உங்கட எஃப்.டிக்கு ஒரு நிறுவனத்தில ஒரு ஆளுக்கு 11 லட்சம் வரைக்கும் வைப்புக் காப்புறுதி இருக்கு, யூனிட் ட்ரஸ்டுக்கு அது இல்ல.

விளம்பரத்தில "கடந்த வருசம் இத்தனை வீதம்" எண்டு போடுவாங்க, அதையும் கவனியுங்க. பணச்சந்தை ஃபண்ட் எண்டா அனேகமாத் திறைசேரி உண்டியல்தான் வாங்கும். 2022 கடைசியில ஒரு வருச உண்டியல் 29 வீதம் தந்தது. 2024 கடைசியில 9 வீதத்துக்கும் கீழ. அந்தப் பழைய வீதத்தைப் பார்த்துப் போட்ட ஆக்களுக்குக் கிடைச்சது புது வீதம்.

கணக்குவாத்தியார்

இப்ப எஃப்.டி 8 வீதமாக் குறைஞ்சிருக்கேக்க, பங்குச் சந்தை 2025இல 20,000 புள்ளியைத் தாண்டியிருக்கு. இதுதான் புல் மார்க்கெட், காளைச் சந்தை. காளை ஓடேக்க ஏறாம எப்ப ஏறுறது? மகள் 5 லட்சத்தையும் எஃப்.டியில முடக்கினா சந்தர்ப்பம் போயிடும். நான் என்ர பணிக்கொடையில ஒரு பகுதியைப் போட்டு நல்லா வந்திருக்கு.

தேற்றாத்தீவான்

சேர், உங்களுக்கு வந்தது எனக்குச் சந்தோசம். ஆனா காளைச் சந்தை எண்ட பேரை நாங்க பின்னால திரும்பிப் பார்த்துத்தான் வைக்கிறம். கொஞ்ச மாதமா விலை தொடர்ந்து ஏறி, வாங்கிறவங்க கூடி, 20 வீதத்துக்கு மேல உயர்ந்திட்டா அப்பிடிச் சொல்லுவம். நாளைக்கும் ஓடுமா எண்டதை அந்தப் பேர் சொல்லாது.

2021 தொடங்கேக்க ஏ.எஸ்.பி.ஐ 6,800க்குக் கிட்ட. வருசக் கடைசியில 12,200. நான் அப்ப கவுண்டரில இருந்தன். சங்கிலி அடகு வச்சுக் கொண்டுவந்தாங்க, கடன் எடுத்துக் கொண்டுவந்தாங்க, ஒரு அம்மா மகளுக்கெண்டு வச்சிருந்த காசைக் கொண்டுவந்தா. 2022 ஜனவரியில 13,000 தாண்டிச்சு. ஏப்ரலில நாடு கடன் கட்ட ஏலாது எண்டு அறிவிச்சுது, சித்திரை வருசப்பிறப்பு முடிஞ்ச கையோட ஒரு கிழமை சந்தையையே மூடினாங்க. அந்த வருசம் முடியேக்க 8,500. 12,200இல வாங்கின ஆளுக்கு 30 வீதம் போயிட்டு, பழைய இடத்துக்கு வர 44 வீதம் ஏறோணும். 2023 முடியேக்கயும் வரல்ல, 10,650 தான். 2024இலதான் வந்தது.

அந்த ரெண்டரை வருசமும் விற்காமப் பொறுத்த ஆக்கள் தப்பினாங்க. ஆனா அந்த அம்மாவால பொறுக்க ஏலாமப் போச்சு. கலியாணம் 2022 ஆவணியில. இறங்கின விலையிலதான் வித்தா. அவவுக்கு வேணுமெண்ட மாதத்தில சந்தை வரல்ல. அதனால ஒருத்தர் வந்து இப்ப ஏறலாமா எண்டு கேட்டா, இந்தக் காசு உங்களுக்கு எப்ப வேணும் எண்டுதான் நான் முதல்ல கேட்பன்.

கணக்குவாத்தியார்

2022 மாதிரி ஒண்டு ஆயுளில ஒருக்காத்தான் வரும். அதை வச்சு எல்லாரையும் பயப்படுத்தக்கூடாது. வட்டி குறைஞ்ச காலத்தில காசை வச்சிருக்கிறதும் நட்டந்தான், சாமான் விலை ஏறுது. இதில நான் உங்களோட ஒத்துப்போக மாட்டன்.

வாணி (களுவாஞ்சிகுடி)

ரெண்டு பேர் சொல்லுறதிலயும் நியாயம் இருக்கு. எனக்கு இந்த 5 லட்சத்தில 2 லட்சம் தை மாதம் வேணும், மகன் கம்பஸ் போறான், போர்டிங் பார்க்கோணும். மிச்சம் அவசரமில்ல. போர்ட்ஃபோலியோ எண்டுறது பெரிய ஆக்களுக்குத்தானா? ஒருத்தர் சொன்னார், 5 கம்பனிப் பங்கு வாங்கினாப் போர்ட்ஃபோலியோ எண்டு.

தேற்றாத்தீவான்

உங்களிட்ட ஏற்கனவே ஒண்டு இருக்கு. எஃப்.டி, கழுத்தில இருக்கிற சங்கிலி, கட்டுற சீட்டு, தையல் மெசின் எல்லாத்தையும் ஒரு தாளில எழுதினா அதுதான். தமிழில முதலீட்டுத் தொகுப்பு எண்டு சொல்லலாம்.

எழுதின பிறகு பக்கத்தில ஒண்டு எழுதுங்க: ஊரில காசு இறுகின மாதத்தில இது என்ன செய்யும்? தையல் ஓர்டர் குறையும். அதே மாதம் சீட்டுக்காரர் காசு தரப் பிந்துவார். ரெண்டும் ஒரே நேரம் விழுகிற சாமான். 2022இல தங்கம் ஏறிச்சு, அது வேற பக்கம் போற சாமான். 5 வங்கிப் பங்கு வாங்கினா 5 பேர் இருந்தாலும் விழுகிறது ஒரே நாளில, ஏனெண்டா அஞ்சும் அரசாங்கத்துக்கும் கடன் குடுத்திருக்கும்.

தை மாதக் காசு 2 லட்சத்தைப் பங்குப் பக்கம் கொண்டுபோகாதீங்க. எஃப்.டியை ரெண்டா உடைச்சுப் போடுங்க, ஒண்டு தைக்கு முதல் முடியிற மாதிரி.

படுவான்கரை விவசாயி

அப்ப தம்பி, மனிசிட தாலிக்கொடி அடகில கிடக்கு. அதையும் தாளில எழுதுறதா?

தேற்றாத்தீவான்

எழுதோணும் அண்ண, கழிக்கிற பக்கத்தில. அடகுக் கடனுக்கு வருசத்துக்கு எத்தனை வீதம் கட்டுறீங்க?

படுவான்கரை விவசாயி

துண்டு வீட்ட இருக்கு. பார்த்திட்டுச் சொல்லுறன்.